தொலைந்த படங்களில் ஆறு வேற்றுமைகள்

வார இதழ்களில் அருகருகே இரண்டு படங்களை அச்சிட்டு, "இவ்விரண்டுக்கும் இடையே ஆறு வேற்றுமைகள் உள்ளன, கண்டுபிடியுங்கள்" என்று கேட்பதை நாம் எல்லோரும் அறிவோம். சிறுவர் முதல் முதியோர் வரை அதில் ஈடுபடாதவர் இல்லை. அங்கே நமக்குப் பெருந்துணையாக இருப்பது ஒன்று உண்டு. இரண்டு படங்களும் கண்முன்னே இருக்கின்றன. ஐயம் எழுந்தால் இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை பார்த்து உடனே தீர்த்துக் கொள்ளலாம்.

அவ்விரண்டு படங்களும் தொலைந்துவிட்டால் என்ன செய்வது? படங்களைப் பார்த்த இருவர் தனித்தனியே எழுதி வைத்த வருணனைகள் மட்டுமே எஞ்சியிருந்தால், அவற்றைக் கொண்டு வேற்றுமைகளைக் காண முடியுமா? முடியும். ஆனால் அவ்விரு வருணனைகளும் ஒரே ஒழுங்கில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒழுங்கு எது, அது ஏன் வேண்டும், அது எந்த எல்லை வரை நமக்கு உதவும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இதற்கு மிக நெருங்கிய ஓர் ஆய்வு முறை ஏற்கெனவே இருக்கிறது. பேச்சொலியை ஆராய்வோர் 'டயாபிக்ஸ்' என்னும் விளையாட்டைப் பயன்படுத்துகின்றனர். இருவர் தனித்தனியே அமர்வர். ஒவ்வொருவரிடமும் ஒரு படம் இருக்கும். மற்றவர் படத்தை அவர் காண முடியாது. பேசிப் பேசியே வேற்றுமைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் இயல்பாகப் பேசும் பேச்சைப் பதிவு செய்வதே ஆய்வாளரின் நோக்கம். இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியைச் சேர்ந்த ரேச்சல் பேக்கர், வாலரி ஹேசன் ஆகியோர் 2011-ஆம் ஆண்டில் இதற்கென 12 இணைப் படங்களை வெளியிட்டனர். கடற்கரை, பண்ணை, தெரு என்னும் மூவகைக் காட்சிகள். ஒவ்வோர் இணையிலும் 12 வேற்றுமைகள். விளையாடுவோருக்கு அவர்கள் கூறிய ஒரு குறிப்பு நம் கருத்துக்கு உரியது: படத்தின் மேல் இட மூலையில் தொடங்கி, கடிகார முள் செல்லும் திசையில் சுற்றி வாருங்கள் என்பதே அது. பேசுவது எப்படியேனும் இருக்கலாம். செல்லும் வழி மட்டும் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

அந்த விளையாட்டில் ஒருவர் மற்றவரைக் கேட்க முடியும். "உன் படத்தில் கதவு திறந்திருக்கிறதா?" என்றால் விடை வந்துவிடும். படங்கள் தொலைந்த பின்போ யாரையும் கேட்க வழியில்லை. எனவே மற்றவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே விடை எழுதி வைத்தவரின் தாள் மட்டுமே பயன்படும். ஒழுங்கின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

ஒழுங்கில்லாமல், பார்த்ததைப் பார்த்தபடி எழுதினால் என்ன ஆகும்? மூன்று இடர்கள் நேரும்.

முதலாவது, கண் தனக்குப் பிடித்த இடத்திற்கே செல்லும். 1997-இல் ரான் ரென்சிங்க், கெவின் ஓரீகன், ஜேம்ஸ் கிளார்க் என்னும் மூவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒரு காட்சியின் படத்தை ஒரு நொடியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நேரம் காட்டி, இடையில் மிகச் சிறிது நேரம் வெறுந்திரையைக் காட்டி, பின் சிறு மாற்றம் செய்த படத்தைக் காட்டினர். இப்படி மாறி மாறிக் காட்டியபோது பெரிய மாற்றங்களைக்கூடப் பார்ப்போர் நெடுநேரம் காணவில்லை. காட்சியின் நடுநாயகமான பொருளில் செய்த மாற்றத்தை விரைவில் கண்டனர். கவனத்தை ஈர்க்காத பொருளில் செய்த மாற்றத்தைக் காண அதைவிட நேரம் பிடித்தது. புதிர்ப் படம் வரைவோர் ஓரத்திலும் பின்னணியிலும் மாற்றத்தை ஒளித்து வைப்பதன் சூட்சுமம் இதுவே. மனம் போனபடி எழுதும் வருணனையும் நடுவிலுள்ள பெண்ணைப் பற்றி நான்கு வரி சொல்லும்; மூலையிலுள்ள காகத்தைப் பற்றி வாய் திறக்காது.

இரண்டாவது, ஒப்பிடும் வேலை பெருகிவிடும். ஒவ்வொரு தாளிலும் 30 செய்திகள் இருப்பதாகக் கொள்வோம். ஒழுங்கில்லாவிட்டால் முதல் தாளின் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டாம் தாளின் 30 செய்திகளையும் தேட நேரலாம். மிகுதியாகப் போனால் 900 ஒப்பீடுகள். படத்தை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு நான்கு செய்திகளுக்கு மேல் இல்லையென்றால், ஒவ்வொரு செய்தியையும் அதன் பகுதிக்குள்ளேயே தேடினால் போதும். 120-க்கு மேல் போகாது.

மூன்றாவதுதான் மிகப் பெரியது. ஒரு பொருள் தாளில் எழுதப்படவில்லை என்றால், அது படத்தில் இல்லாமல் போயிற்றா, எழுதுபவர் சொல்லாமல் விட்டாரா என்று தெரியாது. 'இல்லை' என்பதும் 'சொல்லவில்லை' என்பதும் ஒன்றல்ல. தொலைந்த படங்களின் ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மீதே நிற்கிறது.

இனி முறைக்கு வருவோம். படத்தைக் குறுக்கே மூன்றாகவும் நெடுக்கே மூன்றாகவும் மடித்து விரித்தால் மடிப்புக் கோடுகளே ஒன்பது கட்டங்களைத் தந்துவிடும். மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1, 2, 3. நடு வரிசையில் 4, 5, 6. கீழ் வரிசையில் 7, 8, 9. நாம் எழுத்தைப் படிக்கும் அதே வரிசை, மறக்காது.

ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு கேள்விகளை இதே முறையில் கேட்டு விடை எழுத வேண்டும். என்ன? எத்தனை? எந்த நிலையில், எந்தப் பக்கம் நோக்கி? எதைத் தொடுகிறது? இவற்றோடு மூன்று விதிகள் உண்டு. இடம், வலம் என்பவை எப்போதும் படத்தைப் பார்ப்பவரின் இடமும் வலமுமே. படத்திலுள்ள மனிதரின் இடக்கை வலக்கை அல்ல. ஒரு பொருள் இரண்டு கட்டங்களில் நீண்டிருந்தால், வரிசையில் முதலில் வரும் கட்டத்தில் அதை விவரித்து, அடுத்த கட்டத்தில் 'தொடர்ச்சி' என்று மட்டும் எழுத வேண்டும். கட்டம் முடிந்ததும் 'வேறில்லை' என்று எழுதி மூட வேண்டும். கட்டம் வெறுமையாக இருந்தால் 'ஒன்றுமில்லை' என்று எழுத வேண்டும். அதை வெறுமையாக விடக் கூடாது.

கடைசி விதி சிறியதாகத் தோன்றினும் அதுவே இம்முறையின் அச்சாணி. 'வேறில்லை' என்று கையெழுத்திட்டது போல் மூடிய கட்டத்தில் ஒரு பொருள் சொல்லப்படவில்லை என்றால், 'அது அங்கே இல்லை' என்று நாம் கொள்ளலாம். மூடாத கட்டத்தில் அப்படிக் கொள்ளலாகாது.

இம்முறை எவ்வாறு பயன்பட்டது என்பதைக் கிழக்குக் கிட்வாய் நகரில் நடந்த ஒரு பொங்கல் ஒன்றுகூடலைக் கொண்டு விளக்குவேன். அரசுக் குடியிருப்பின் மாடியொன்றில் தமிழ்க் குடும்பங்கள் சில கூடியிருந்தன. ஊரிலிருந்து விருந்தினராக வந்திருந்த பெரியவர் ஒருவர், கிணற்றடிக் காட்சி ஒன்றை இரண்டு தாள்களில் வரைந்து, ஆறு வேற்றுமைகள் வைத்திருப்பதாகச் சொன்னார். ஒரு தாள் கூடத்திலிருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு. மற்றது பால்கனியிலிருந்த அவள் மாமாவுக்கு. கைப்பேசிகளை முன்பே வாங்கி ஒரு கூடையில் போட்டுவிட்டதால் யாரும் படம் பிடிக்கவில்லை. இருவரும் மேற்சொன்ன முறைப்படி எழுத வேண்டும். நேரம் 15 நிமிடம். ஆறும் வெளிப்பட்டால் அவ்விருவருக்கும் ஓர் எவர்சில்வர் அடுக்குப் பாத்திரம் பரிசு.

எழுதி முடித்துச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள், படங்கள் இரண்டும் பழைய செய்தித்தாள்களோடு சேர்ந்து கபாடிக்காரரிடம் போய்விட்டன. விடைகளைப் படத்தின் பின்புறத்தில் எழுதியிருந்ததால் அவையும் உடன் போயின. வரைந்தவரைக் கேட்டோம். "அண்ணே, எது எதை மாத்தினீங்க?" என்று மாணவியின் தந்தை கேட்க, "ஆறு போட்டேன் தம்பி, அது நல்லா ஞாபகம் இருக்கு. எது எதுன்னு இப்போ சொல்லத் தெரியலையே" என்றார். எஞ்சியவை இரண்டு தாள்கள் மட்டுமே. அவை இவை.

மாணவியின் தாள்:
1. சூரியன் ஒன்று, பாதி, மலையைத் தொடுகிறது; கதிர் ஏழு. வேறில்லை.
2. பறவை மூன்று, வலம் நோக்கி. வேறில்லை.
3. தென்னை ஒன்று, காய் மூன்று. வேறில்லை.
4. கூரை வீடு ஒன்று, கதவு திறந்தது, சன்னல் ஒன்று. வேறில்லை.
5. கிணறு ஒன்று, இராட்டினம், கயிறு, பெண் ஒருத்தி, வலம் நோக்கி, கயிற்றைத் தொடுகிறாள், வளையல் இரண்டு. வேறில்லை.
6. தென்னை தொடர்ச்சி, வைக்கோற்போர் ஒன்று, நாய் ஒன்று, படுத்தது, இடம் நோக்கி, போரைத் தொடுகிறது. வேறில்லை.
7. கோழி ஒன்று, வலம் நோக்கி, குஞ்சு ஐந்து. வேறில்லை.
8. கிணறு தொடர்ச்சி, குடம் இரண்டு, ஒன்று நிமிர்ந்தது, ஒன்று சாய்ந்து வாய் இடம் நோக்கி. வேறில்லை.
9. ஒன்றுமில்லை.

மாமாவின் தாள்:
1. சூரியன் ஒன்று, பாதி, மலையைத் தொடுகிறது, கதிர் ஆறு. வேறில்லை.
2. பறவை மூன்று, வலம் நோக்கி. வேறில்லை.
3. தென்னை ஒன்று, காய் மூன்று. காகம் ஒன்று, மட்டையைத் தொடுகிறது. வேறில்லை.
4. கூரை வீடு ஒன்று, கதவு மூடியது, சன்னல் ஒன்று. வேறில்லை.
5. கிணறு ஒன்று, இராட்டினம், கயிறு; பெண் ஒருத்தி, வலம் நோக்கி, கயிற்றைத் தொடுகிறாள்.
6. தென்னை தொடர்ச்சி; வைக்கோற்போர் ஒன்று. வேறில்லை.
7. கோழி ஒன்று, வலம் நோக்கி, குஞ்சு நான்கு. வேறில்லை.
8. கிணறு தொடர்ச்சி, குடம் இரண்டு, ஒன்று நிமிர்ந்தது, ஒன்று சாய்ந்து வாய் வலம் நோக்கி. வேறில்லை.
9. வைக்கோற்போர் தொடர்ச்சி, நாய் ஒன்று, படுத்தது, இடம் நோக்கி, போரைத் தொடுகிறது. வேறில்லை.

ஒப்பிடும் பொறுப்பை எழுதிய இருவரிடமும் விடக் கூடாது. மற்றவர் எழுதியதைக் கேட்டவுடன் "ஆமாம், என் படத்திலும் அப்படித்தான்" என்று நினைவு வளைந்து கொடுக்கும். ஆகவே படத்தைப் பாராத இருவர் ஆளுக்கொரு தாளை எடுத்துக் கட்டம் கட்டமாக உரக்கப் படித்தனர். மூன்றாமவர் ஒவ்வொன்றுக்கும் 'ஒன்று', 'வேறு', 'ஐயம்' என்னும் மூன்றில் ஒன்றைக் குறித்தார்.

ஐந்து இடங்களில் தொல்லையே இல்லை. 1-இல் கதிர் ஏழு, ஆறு. 4-இல் கதவு திறந்தது, மூடியது. 7-இல் குஞ்சு ஐந்து, நான்கு. 8-இல் குடத்தின் வாய் இடம், வலம். இரு தாள்களும் ஒரே பொருளைப் பற்றிப் பேசி வெவ்வேறு விடை தருகின்றன. 3-ஆம் கட்டத்துக் காகம் சற்று வேறு வகை. மாமா சொல்கிறார், மாணவி சொல்லவில்லை. ஆயினும் அவள் 'வேறில்லை' என்று மூடியிருக்கிறாள். எனவே அதையும் 'வேறு' என்றே குறித்தோம். ஓரத்தில் இருந்த அந்தக் காகம் ஒழுங்கில்லாத வருணனையில் அகப்பட்டிருக்குமோ என்பது ஐயமே.

ஆறாவது எது? இங்கேதான் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு சாரார், "நாய் 6-இலிருந்து 9-க்குப் போய்விட்டது, அதுவே ஆறாவது" என்றனர். மறு சாரார், "பெண்ணின் கையில் வளையல் இல்லை, அதுவே ஆறாவது" என்றனர். இரண்டையும் தனித்தனியே ஆராய்வோம்.

நாயை முதலில் எடுத்துக் கொள்வோம். கட்ட எண்ணை மட்டும் பார்த்தால் அது நகர்ந்ததாகத் தோன்றும். அவசரப்படுவோர், 6-இல் நாய் குறைந்தது, 9-இல் நாய் மிகுந்தது என்று இரண்டு வேற்றுமைகளாகக்கூட எண்ணிவிடுவர். ஆனால் நான்காம் கேள்வியின் விடையைப் பாருங்கள். இரண்டு தாள்களிலும் நாய் வைக்கோற்போரைத் தொடுகிறது. இரண்டிலும் படுத்து இடப்பக்கம் பார்க்கிறது. அதோடு மாமாவின் தாளில் வைக்கோற்போரும் 9-ஆம் கட்டத்திற்குள் இறங்கியிருக்கிறது. மாணவியின் தாளில் அது 6-லேயே முடிந்துவிடுகிறது. நாய் தனியே நகரவில்லை. போரும் நாயும் சேர்ந்தே இறங்கியிருக்கின்றன. அடுத்தடுத்த பொருள்கள் தம்முள் உறவு மாறாமல் ஒரே பக்கம் ஒரே அளவு பெயர்ந்தால், பெயர்ந்தது பொருளன்று, கோடு என்றே முதலில் கருத வேண்டும். மாமாவின் தாளில் மடிப்பு வலப்புறம் சற்று மேலேறியிருந்தால் இதுவே நேரும். 'எதைத் தொடுகிறது' என்னும் கேள்வியை நாம் வைத்திருப்பதன் பயன் இதுவே. மடிப்பு கோணலானாலும் தொடுதல் கோணலாகாது.

அப்படியாயின் நாய் வேற்றுமை அன்று என்று உறுதி கூறலாமா? வரைந்தவர் போரையும் நாயையும் சேர்த்தே சிறிது கீழே வரைந்திருக்கவும் கூடும். புதிர் வரைவோர் ஒரு வேற்றுமைக்கு ஒரு பொருளைத்தான் தொடுவது வழக்கம் என்பதால் அது நிகழ்ந்திருக்க வாய்ப்பு குறைவு. வாய்ப்பு குறைவு என்பது இல்லை என்பதாகாது. எனினும் 'வேறு' என்று எழுத நமக்கு ஆதாரமில்லை.

இனி வளையல். மாணவி 'வளையல் இரண்டு' என்கிறாள். மாமா வளையலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. 3-ஆம் கட்டத்துக் காகத்தைப் போலத்தானே இதுவும் என்று கேட்கலாம். அன்று. மாமாவின் தாளில் 5-ஆம் கட்டம் மூடப்படவில்லை. ஒன்பது கட்டங்களில் 'வேறில்லை' இல்லாத கட்டம் அது ஒன்றே. நெருக்கமான நடுக்கட்டத்தில் நேரம் அதிகம் போய், "பிறகு வந்து முடிக்கலாம்" என்று அடுத்ததற்குச் சென்றிருக்கிறார். பிறகு வர நேரமில்லை. எனவே வளையல் இல்லாமற் போயிற்றா, சொல்லாமற் போயிற்றா என்பதை அத்தாளிலிருந்து அறிய இயலாது. அதற்குரிய குறி 'ஐயம்'.

இவ்விடத்தில் கூட்டத்தில் ஒருவர் நல்ல வாதம் ஒன்றை எடுத்தார். "வேற்றுமைகள் மொத்தம் ஆறு என்பது நமக்குத் தெரியும். ஐந்து கிடைத்துவிட்டன. மூடாத கட்டம் ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே ஆறாவது அங்கேதான் இருக்க வேண்டும்!" கேட்பதற்கு இது கணக்கைப் போல் உறுதியாக ஒலிக்கிறது. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. 'வேறில்லை' என்னும் சொல் வேறு பொருள் இல்லை என்பதற்கே சான்று. சொல்லிய பொருளின் எல்லாத் தன்மைகளையும் சொல்லிவிட்டோம் என்பதற்குச் சான்றன்று. இருவரும் 'சன்னல் ஒன்று' என்று எழுதினர். அதன் கம்பிகளை இருவருமே எண்ணவில்லை. ஒன்றில் நான்கும் மற்றதில் மூன்றும் இருந்திருக்கலாம். பெண்ணின் சேலைக் கரை, மலையின் முகடு, தென்னை மட்டைகளின் தொகை ஆகிய எதையும் யாரும் கேட்கவில்லை. இரு தாள்களும் ஒத்துப் போகும் இடத்தில் படங்களும் ஒத்துப் போயின என்று சொல்ல முடியாது. கேட்ட கேள்விகளுக்கு விடைகள் ஒத்துப் போயின என்றே சொல்ல முடியும்.

ஆறு என்னும் எண்ணை முன்பே அறிந்திருப்பதில் உள்ள இடரும் இதுதான். இன்னும் தேட வேண்டும் என்று அது நினைவூட்டுகிறது, அவ்வளவில் நன்று. ஆனால் எண்ணிக்கையை நிரப்பும் ஆவலில் ஐயத்தை வேற்றுமையாக உயர்த்திவிடவும் அது தூண்டுகிறது. நாய்க் கட்சியும் வளையல் கட்சியும் அந்தத் தூண்டுதலில் பிறந்தவையே. ஆறு என்று யாரும் சொல்லாதிருந்தால் இரு கட்சியாரும் ஐந்தோடு அமைதியடைந்திருப்பர்.

முடிவு இவ்வாறு எழுதப்பட்டது: உறுதியான வேற்றுமை ஐந்து, ஐயம் ஒன்று, வளையல், மடிப்பின் பெயர்ச்சியாகக் கொள்ளத்தக்கது ஒன்று, நாய். ஆறும் வெளிப்படாததால் பரிசு வழங்கப்படவில்லை. அடுக்குப் பாத்திரம் அடுத்த ஒன்றுகூடலுக்கென எடுத்து வைக்கப்பட்டது. மாணவிக்குச் சிறிது மனத்தாங்கல்தான். அவளுடைய தாளில் ஒன்பது கட்டங்களும் மூடப்பட்டிருந்தன அல்லவா? ஆனால் ஒப்பீட்டின் உறுதி நல்ல தாளைப் பொறுத்ததன்று. குறையுள்ள தாளையே பொறுத்தது. ஒரு கட்டம் ஒரு தாளில் திறந்திருந்தால் மற்றத் தாளில் அது எவ்வளவு நிறைவாக இருந்தும் பயனில்லை.

இம்முறையை நீங்கள் செய்து பார்க்க விரும்பினால் இரண்டு திருத்தங்களோடு தொடங்குங்கள். மடிப்புக்குப் பதில் அளவுகோலால் கோடு இழுங்கள். நாய் வழக்கு எழாது. நேரத்தை ஒன்பதாகப் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கு முடிந்ததும் ஒருவர் மணி அடிக்கட்டும். மணி அடித்ததும் 'வேறில்லை' என்றோ 'முடியவில்லை' என்றோ எழுதியே அடுத்த கட்டத்திற்குச் செல்ல வேண்டும். 'முடியவில்லை' என்று எழுதுவதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஒப்பிடுபவருக்கு அது வெறும் மௌனத்தைவிட எவ்வளவோ மேல். பிறகு படங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, தாள்களை மட்டும் கொண்டு வேற்றுமைகளை எழுதுங்கள். பெட்டியைத் திறந்து சரிபார்க்கும்போது விட்டுப்போன வேற்றுமைகளைப் பாருங்கள்: எந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அது அகப்பட்டிருக்கும்? அக்கேள்வியை ஐந்தாவதாகச் சேர்த்துக் கொள்ளுங்கள்.